கிணற்று முறைத் தகராறு: எழுதிய சமாதானம் நிற்க வேண்டுமானால் எப்படி எழுதணும்?

பாலாற்றங்கரை:
வணக்கம். குடியாத்தத்துக்கும் கே.வி.குப்பத்துக்கும் நடுவில் ஒரு கிராமம் எங்களுடையது. தாத்தா நிலத்தை அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்துவிட்டார்கள். அதில் கிணறும் மோட்டாரும் மட்டும் பொது, ஆளுக்குப் பாதி. பெரியப்பாவுக்கு 2 ஏக்கர் தென்னை. எங்களுக்கு ஒன்றரை ஏக்கரில் நெல்லும் கொஞ்சம் வேர்க்கடலையும். மோட்டார் 5 எச்.பி., சர்வீஸ் இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஏற்கெனவே ஒரு தாள் எழுதியாச்சு. அதில் உள்ளது இவ்வளவுதான்: "இரு தரப்பினரும் கிணற்றுத் தண்ணீரைச் சரிசமமாகவும் சுமுகமாகவும் பயன்படுத்திக்கொள்வது. மோட்டார் பழுதுச் செலவை இருவரும் ஏற்பது. வண்டிப் பாதையை மூத்தவர் விரைவில் விட்டுக்கொடுப்பது." எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு மாதம் தாங்கியது. கோடை வந்ததும் பழைய கதைதான்.

இப்போது இருவருமே களைத்துப்போய், திரும்ப எழுதலாம் என்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று இங்கே கேட்கவில்லை. நிற்கிற மாதிரி எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி.

காட்பாடிக்காரன்:
வெள்ளைத் தாளில் எழுதினால் இப்படித்தான் தம்பி. முத்திரைத் தாள் வாங்கி டைப் அடித்து, நோட்டரி கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் யாரும் மீற முடியாது. மீறினால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பயம் இருந்தால்தான் நிற்கும்.

தென்னந்தோப்பு:
ஏன் இந்த வம்பு? தனியாக ஒரு போர் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுங்கள். எங்கள் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள்.

பாலாற்றங்கரை:
போர் போட்டால் இலவச மின்சாரத்துக்குப் புதிதாக எழுதிக் கொடுத்து வரிசையில் காத்திருக்கணும் அண்ணா. எங்கள் பக்கம் போரில் தண்ணீர் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. கிணறு நல்ல ஊற்றுள்ள கிணறு, விட மனசில்லை.

ஓய்வு சிரஸ்ததார்:
நான் உரிமையியல் நீதிமன்றத்தில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாகப்பிரிவினை, கிணற்றுப் பங்கு, பாதை வழக்குகளின் கட்டுகள் நிறையவே என் கையில் வந்திருக்கின்றன. ராஜியாகப் போன வழக்கே, எழுதியதை நடத்தித் தரக் கேட்கும் நிறைவேற்று மனுவாகத் திரும்ப வந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தவற்றில் முக்கால்வாசிக்குக் காரணம் எழுதிய விதம்தான்.

காட்பாடிக்காரர் சொல்வதில் பாதி சரி. நோட்டரி இருந்தால் "இது என் கையெழுத்தே இல்லை" என்று யாரும் சுலபமாகச் சொல்ல முடியாது. அந்தப் பயன் உண்டு. ஆனால் பெரியப்பா முறையை மீறினால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உங்கள் அப்பா புதிதாக வழக்குப் போட்டு, சாட்சி விசாரித்து, தீர்ப்பு வாங்கிய பிறகுதான் ஏதாவது நடக்கும். முத்திரைத் தாளுக்கு அதற்கு மேல் பலம் கிடையாது.

அபராதமும் அப்படியே. ஒப்பந்தத்தில் எவ்வளவு எழுதினாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் நியாயமான இழப்பீடுதான் தரும். எழுதிய தொகை அதற்கு மேல்வரம்பு, அவ்வளவுதான். நாளொன்றுக்கு ஆயிரம் என்று எழுதிவிட்டு வசூலிக்க முடியாமல் போனால், மற்ற வரிகளுக்கும் மதிப்புக் குறையும்.

உங்கள் பழைய தாளுக்கு வருவோம். "சரிசமமாக" என்றால் நேரத்தில் சமமா, தண்ணீரில் சமமா, ஏக்கருக்கு ஏற்ற சமமா? பெரியப்பா 2 ஏக்கருக்கு ஏற்ற பங்கு என்று நினைத்திருப்பார், அப்பா பத்திரத்தில் உள்ள பாதி என்று நினைத்திருப்பார். இரண்டு பேரும் நேர்மையாகவே நினைத்திருக்கலாம். "ஏற்பது" என்றால் எத்தனை நாளில், எந்த மெக்கானிக்கிடம், யார் முதலில் பணம் கொடுப்பது? "விரைவில்" என்பதற்குத் தேதியே இல்லை. இந்தத் தாளை யாராவது மீறினார்களா என்று நீதிபதியாலும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஊரையே தெரியாத ஒருவர் ஒரு நாள் வந்து பார்த்து, "இது நடந்தது" அல்லது "நடக்கவில்லை" என்று சொல்ல முடியுமா? முடியாது என்றால் அந்த வரியைத் திரும்ப எழுதணும்.

அணைக்கட்டு விவசாயி:
சார் சொல்வது சரிதான். தண்ணீர் விஷயத்தை நான் சொல்கிறேன். எங்கள் கிணறு நாலு பங்காளிக் கிணறு.

தம்பி, முறையைக் காலை ஒருவர், மாலை ஒருவர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோடையில் ராத்திரி முழுக்க ஊறிய தண்ணீர் காலையில் இறைப்பவருக்குப் போய்விடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் கிணறு தட்டிவிடும். மாலைக்காரர் சேற்றைத்தான் இறைக்கணும். தாளில் பார்த்தால் சரிசமம், வயலில் பார்த்தால் ஒருவர் பயிர் காயும்.

நாள் விட்டு நாள்தான் நல்லது. அதிலும் நாள் எப்போது மாறுகிறது என்று எழுதணும். காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை என்று வைத்தால், ஆளுக்கு ஒரு ராத்திரி ஊற்று கிடைத்துவிடும்.

ஒற்றைப்படைத் தேதி, இரட்டைப்படைத் தேதி என்றும் எழுதாதீர்கள். 31ஆம் தேதியும் ஒற்றைப்படை, மறுநாள் 1ஆம் தேதியும் ஒற்றைப்படை. எப்போதும் ஒற்றைப்படைக்காரருக்கே இரண்டு நாள் தொடர்ந்து போய்விடும். எங்கள் கிணற்றில் பெரிய சண்டை வந்தது இதனால்தான். கிழமை வைத்து எழுதுங்கள். திங்கள், புதன், வெள்ளி ஒருவர். செவ்வாய், வியாழன், சனி இன்னொருவர். ஞாயிறு ஒன்று மிஞ்சும். மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறு ஒருவருக்கு, இரண்டாம், நான்காம் ஞாயிறு மற்றவருக்கு. ஐந்தாம் ஞாயிறு வந்தால் மோட்டார் போடுவதில்லை, கிணறு ஊறட்டும்.

பாலாற்றங்கரை:
கரண்ட் இல்லாத நாளுக்கு என்ன செய்வது? மும்முனை வரும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கிறதே. "என் முறையில் இரண்டு மணிதான் வந்தது, மீதியை நாளைக்குக் கொடு" என்று பெரியப்பா கேட்பார். அப்பாவும் கேட்டிருக்கிறார்.

அணைக்கட்டு விவசாயி:
ஈடு கொடுப்பதே வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். மின்சாரம் இல்லாமல் போன மணிக்கு யாரும் யாரிடமும் நேரம் கேட்பதில்லை. இன்றைக்கு உங்களுக்குப் போனால் அடுத்த வாரம் அவருக்குப் போகும், வருஷக் கணக்கில் சரியாகிவிடும். ஈடு கொடுக்க ஆரம்பித்தால் தினமும் கணக்கு, தினமும் வாய்த்தகராறு. உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்றால் ஸ்டார்ட்டரோடு ஓடிய மணி காட்டும் மீட்டர் ஒன்று வைத்து, முறை மாறும்போது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

பேரணாம்பட்டு மகள்:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டுக்காரரின் தம்பி கடைப் பங்கை எடுத்துக்கொண்டு அதற்கு 3 லட்சம் தருவதாக எழுதிக் கொடுத்தார். "மாதாமாதம் முடிந்ததைத் தருவேன்" என்று இருக்கிறது. நாலு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார், இப்போது போனை எடுப்பதில்லை. எங்களுக்கும் கிணறு மாதிரி எழுதலாமா?

ஓய்வு சிரஸ்ததார்:
அம்மா, உங்களுடையது பணம், அதனால் இன்னும் சுலபம். "முடிந்ததை" என்ற சொல் இருக்கும்வரை அவர் நூறு ரூபாய் கொடுத்தாலும் மீறவில்லை என்றுதான் ஆகும். புதிதாக எழுதும்போது ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் இன்ன தொகை, இன்ன வங்கிக் கணக்கில் என்று போடுங்கள். கையில் பணம் வாங்குவதில்லை என்றும் சேருங்கள், வங்கிப் பதிவே ரசீதாகிவிடும். இரண்டு தவணை தொடர்ந்து தவறினால் மீதித் தொகை முழுவதும் அப்போதே கொடுக்க வேண்டியதாகும் என்ற வரி அவசியம். அது இல்லாவிட்டால் தவறிய தவணையை மட்டுமே கேட்க முடியும், அடுத்ததற்குக் காத்திருக்கணும். கடைசியாக அவர் பணம் கொடுத்த தேதியை இப்போதே குறித்து வையுங்கள். பண வழக்குக்குப் பொதுவாக 3 வருஷம்தான் காலக்கெடு, எங்கிருந்து எண்ணுவது என்பதற்கு அந்தத் தேதி வேண்டியிருக்கும். தனி இழை தொடங்கினால் அங்கே விரிவாகப் பேசலாம்.

கிணற்றுக்குத் திரும்பி வருகிறேன். தம்பி, அந்தத் தாள் உடைந்த அன்று என்ன நடந்தது? முதலில் மீறியது எந்த விஷயம்?

பாலாற்றங்கரை:
சாவி சார். மோட்டார் அறைச் சாவி பெரியப்பாவிடம் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் முறை அன்றைக்கு அவர் சந்தைக்குப் போய்விட்டார், சாவியும் அவரோடு போய்விட்டது. அப்பா பூட்டை உடைத்தார். அதிலிருந்துதான் எல்லாம்.

ஓய்வு சிரஸ்ததார்:
அப்படியானால் முதல் வரி சாவி. முறையைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதினாலும் சாவி ஒருவர் கையில் இருந்தால் பயனில்லை. நடுவில் நின்று பார்க்க உங்கள் தாய்மாமனையும், நடந்ததைக் குறிக்க ஒரு நோட்டையும் வைத்து இப்படி எழுதுங்கள்:

"மோட்டார் அறைக்குப் புதுப் பூட்டு ஒன்றும் இரண்டு சாவிகளும் ஜனவரி 10ஆம் தேதிக்குள் மூத்தவர் வாங்குவது. செலவு ஆளுக்குப் பாதி. ஒரு சாவியை அன்றே தாய்மாமன் முன்னிலையில் இளையவரிடம் கொடுப்பது. இளையவர் பெற்றுக்கொண்டதாக நோட்டில் கையெழுத்திடுவது. பூட்டை மாற்ற வேண்டுமானால் மாற்றும் அன்றே மற்றவருக்குச் சாவி கொடுத்த பிறகே மாற்றுவது."

யார், என்ன, எந்தத் தேதி, யார் முன்னிலையில், எப்படித் தெரியும், எல்லாம் இதற்குள் இருக்கிறது. இப்படிச் சின்னதாகச் செய்து முடிக்கக்கூடிய ஒரு கடமையை முதல் வாரத்திலேயே வைப்பது நல்லது. அது நடந்துவிட்டால் இருவருக்கும் அடுத்ததில் நம்பிக்கை வரும். நடக்காவிட்டால், பெரிய விஷயம் கெடுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

வண்டிப் பாதையையும் அப்படியே. அகலம் எத்தனை அடி, எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை, எந்த சர்வே எண் என்று போடணும். தாலுகா அலுவலகத்தில் புலப்பட நகல் வாங்கி, அதன் மேல் பாதையைச் சிவப்பு மையில் வரைந்து, இருவரும் அதிலும் கையெழுத்திடுங்கள். வேலி யார் எடுப்பது, எந்தத் தேதிக்குள், எடுத்த கம்பியும் கல்லும் யாருக்கு என்றுகூட எழுதுங்கள். கல் யாருக்கு என்று எழுதாததால் முறிந்துபோன சமாதானம் உண்டு.

காட்பாடிக்காரன்:
சார், அண்ணன் தம்பிக்குள் இவ்வளவு எழுதினால் "என்னை நம்பவில்லையா" என்று மனசு புண்படாதா? எங்கள் வீட்டில் அப்பாவே அப்படிக் கேட்டு எழுந்து போயிருக்கிறார்.

அணைக்கட்டு விவசாயி:
புண்படும்தான். ஆனால் கோடையில் பயிர் வாடும்போது வரும் கோபத்தை விட இது எவ்வளவோ மேல். பேச்சை இப்படித் தொடங்கலாம்: "நாளைக்கு நம் பிள்ளைகள் நம்மிடம் கேட்க முடியாத காலத்தில் அவர்களுக்குத் தெரியணும், அதற்காக எழுதுகிறோம்." எங்கள் பெரியவர்களிடம் அப்படிச் சொன்னபோது மறுக்கவில்லை.

மோட்டார் ரிப்பேருக்கு எங்கள் ஏற்பாட்டைச் சொல்கிறேன். காயில் எரிந்ததும் பணம் கேட்கப் போனால் யாரிடமும் இருக்காது. முதலிலேயே ஆளுக்கு ஒரு தொகை போட்டு வைக்கணும். நாங்கள் 6,000 போடுகிறோம். நம்பிக்கையான ஒருவரிடம் பணம், அவரிடமே நோட்டு. எரிந்த அன்றே தகவல், மறுநாளே மோட்டாரைத் தூக்கி, ஒத்துக்கொண்ட கடையில் ரீவைண்டிங்குக்குக் கொடுத்துவிடணும். செலவு அந்தப் பணத்தில். ஜனவரி 15, ஜூலை 15 இரண்டு தேதியிலும் குறைந்ததை நிரப்பணும்.

பணம் போடாதவருக்குத் தண்ணீர் இல்லை என்று ஒரு வரியும் எங்களிடம் இருக்கிறது.

ஓய்வு சிரஸ்ததார்:
அந்தக் கடைசி வரியில்தான் எனக்குத் தயக்கம். தண்ணீரை நிறுத்தும் அதிகாரத்தை ஒருவர் கையில் கொடுத்தால், அவர் நிறுத்தும் அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போகும்படி ஆகிவிடும். போடாத தொகையை மற்றவர் போட்டு, அதை ஜூலை 31க்குள் திருப்பித் தர வேண்டிய கடனாக எழுதுவது மேல். தொகையும் தேதியும் இருப்பதால் பிறகு வசூலிக்கவும் முடியும்.

அணைக்கட்டு விவசாயி:
வசூலிக்க எத்தனை வருஷம் சார்? எங்கள் கிணற்றில் தண்ணீரை நிறுத்திவிடுவோம் என்ற வரி இருப்பதால்தான் இதுவரை நாலு பேரும் தேதி தவறாமல் போடுகிறோம். ஒரு நாள்கூட நிறுத்த வேண்டி வந்ததில்லை. இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

ஓய்வு சிரஸ்ததார்:
நாலு பேர் இருக்கும் கிணற்றில் மூன்று பேர் சேர்ந்து ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். இரண்டு பேர் கிணற்றில் அப்படி இல்லை. இருந்தாலும் உங்கள் அனுபவத்தை நான் தள்ளவில்லை. தம்பி இரண்டையும் வைத்து வீட்டில் பேசட்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். எழுதியதைத் தாளாக வைத்துக்கொள்ளாமல், தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். குடியாத்தம் நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் சொல்வார்கள். வழக்கு எதுவும் போட்டிருக்கத் தேவையில்லை, நீதிமன்றக் கட்டணமும் இல்லை. மற்ற தரப்புக்கு அறிவிப்புப் போகும், இருவரும் வந்து ஒப்புக்கொண்டால் மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்து அவார்டு என்ற தீர்ப்பைக் கொடுப்பார்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அது உரிமையியல் நீதிமன்ற டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. யாராவது மீறினால் புதிய வழக்கு வேண்டாம், நேராக நிறைவேற்று மனுப் போடலாம்.

ஆனால் ஒன்று. நிறைவேற்றும் நீதிமன்றம் டிக்ரியில் உள்ளதைத்தான் செய்யும். இல்லாததைச் சேர்க்காது. "சுமுகமாகப் பயன்படுத்துவது" என்று அவார்டு வாங்கினால் அமீனா வந்து எதை நிறைவேற்றுவார்? மக்கள் நீதிமன்ற நாளில் கூட்டம் அதிகம், அங்கே உட்கார்ந்து வாசகம் எழுத நேரம் கிடைக்காது. வீட்டிலேயே எழுதி, இருவரும் படித்து, இணைப்பாகக் கொண்டு போங்கள்.

பாலாற்றங்கரை:
பெரிய உதவி சார். பின்தொடர்தல் பற்றி ஒன்று. முன்பு எழுதிய பிறகு யாரும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சண்டை வந்தபோதுதான் தாளைத் தேடினோம்.

அணைக்கட்டு விவசாயி:
அதற்கும் தேதி போடுங்கள். எழுதிய 15ஆம் நாள் ஒரு முறை, சாவியும் பூட்டும் ஆச்சா என்று பார்க்க. அப்புறம் பிப்ரவரி கடைசி ஞாயிறு, கோடைக்கு முன்னால். அதுதான் முக்கியமான கூட்டம். கிணற்றின் மட்டத்தைக் கயிறு போட்டு அளந்து, தூர் வாரணுமா என்று அப்போதே முடிவு செய்யணும். மே மாதம் ஒன்று. யார் கூப்பிடுவது என்பதையும் எழுதுங்கள், இல்லையென்றால் அவர் கூப்பிடட்டும் என்று இவரும், இவர் கூப்பிடட்டும் என்று அவரும் இருந்துவிடுவார்கள். உங்கள் தாய்மாமன் கூப்பிடட்டும். அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், நோட்டில் உள்ள வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து ஆச்சா, ஆகலையா என்று எழுதினால் போதும்.

தென்னந்தோப்பு:
நான் முதலில் போர் போடச் சொன்னேன். இதெல்லாம் படித்த பிறகு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தென்னைக்கும் நெல்லுக்கும் தண்ணீர்த் தேவை ஒன்றில்லை. நாற்று நட்ட வாரத்தில் நெல்லுக்கு ஒரு நாள்கூடத் தண்ணீரை நிறுத்த முடியாது. அப்போது பெரியப்பா ஒரு முறையை விட்டுக்கொடுத்தால்?

பாலாற்றங்கரை:
கொடுப்பார், கொடுத்தும் இருக்கிறார். பிறகு அதையே சொல்லிக் காட்டுவார்.

ஓய்வு சிரஸ்ததார்:
அதற்கும் வரி உண்டு. "ஒருவர் தம் முறையை மற்றவருக்கு விட்டால், முந்தின நாள் இரவு 8 மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவது. அப்படி விட்டதைக் கொண்டு யாரும் உரிமை கேட்பதில்லை. திருப்பித் தர வேண்டுமானால் எந்த நாள் என்று அதே செய்தியில் எழுதுவது." குழுவில் மூவர் போதும், இருவரும் மாமாவும். மற்ற உறவுகளைச் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று கேட்கணும். உங்கள் தாத்தாவுக்குப் பெண் பிள்ளைகள் உண்டா?

பாலாற்றங்கரை:
ஒரு அத்தை. வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறார். பாகப் பத்திரத்தில் அவர் கையெழுத்து இருக்கிறதா என்று தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டால் "அவளுக்குக் கல்யாணத்தில் எல்லாம் செய்தாச்சு" என்கிறார்.

ஓய்வு சிரஸ்ததார்:
அது சட்டத்துக்குப் பதில் ஆகாது தம்பி. தாத்தா உயில் எழுதாமல் போயிருந்தால் மகளும் வாரிசு. பத்திரத்தில் அத்தை இல்லை, தனியாக விடுதலைப் பத்திரமும் இல்லை என்றால், அண்ணனும் தம்பியும் எவ்வளவு தெளிவாக எழுதினாலும் அது அத்தையைக் கட்டுப்படுத்தாது. மின் இணைப்பைத் தாத்தா பெயரிலிருந்து மாற்றப் போனாலும் மற்ற வாரிசுகளின் சம்மதத்தைக் கேட்கக்கூடும். பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுத்துப் பாருங்கள். அவர் பெயர் இல்லை என்றால் மறைத்து எழுதாதீர்கள், அவரையும் உட்கார வையுங்கள். அவருக்கு என்ன தருவது என்பதை உங்கள் குடும்பம்தான் பேச வேண்டும், அதை நான் சொல்ல முடியாது.

காட்பாடிக்காரன்:
அத்தையைக் கூப்பிட்டால் மொத்தமும் கெட்டுவிடாதா? முதலில் கிணற்றை முடித்துவிட்டு அப்புறம் பார்க்கலாமே.

அணைக்கட்டு விவசாயி:
முறையும் சாவியும் இப்போதே தொடங்கலாம், அதற்கு அத்தை தடையில்லை. அவார்டுக்குப் போவதற்கு முன்னால் அத்தையிடம் பேசிவிடணும்.

பாலாற்றங்கரை:
பத்திர நகலுக்கு நாளைக்கே எழுதிக் கொடுக்கிறேன். சாவி, முறை, ரிப்பேர்ப் பணம், கூட்டத் தேதிகள், இந்த நாலையும் எழுதி மாமாவிடம் படித்துக் காட்டினேன். தண்ணீர் நிறுத்தும் வரியை இப்போதைக்கு விட்டுவிட்டேன், அப்பாவும் பெரியப்பாவும் பேசி முடிவு செய்யட்டும். மாமா ஒரு திருத்தம் சொன்னார். கூட்டத்துக்கு ஒருவர் வரவில்லை என்றால் என்ன என்று எழுதவில்லையாம். "வராதவர் 7 நாளுக்குள் வேறு தேதி சொல்வது, சொல்லாவிட்டால் வந்தவர் முன்னிலையில் நோட்டை எழுதி அதன் படத்தைக் குழுவில் போடுவது" என்று சேர்த்திருக்கிறேன். இது போதுமா சார்?

ஓய்வு சிரஸ்ததார்:
போதும். மாமாவால் வர முடியாமல் போனால் அவர் இடத்தில் யார் என்று ஒரு பெயரையும் போட்டுவிடுங்கள். அவருக்கும் வயசாகிறது.

பாலாற்றங்கரை:
சரி சார். சித்தப்பா முறையில் ஒருவர் பள்ளிகொண்டாவில் இருக்கிறார், இரண்டு வீட்டுக்கும் வேண்டியவர். அவரைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.